ஏற்றியதும் இறங்கும் போத்தல் ஜேக்: காற்றா, சீலா, வால்வா?

கேமரன் மலையிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு செலாயாங் மொத்தச் சந்தைக்கு வரும் சிறிய லோரி அது. ஓர் அதிகாலை, தாப்பாவைத் தாண்டியதும் பின் டயர் பஞ்சர். ஓட்டுநர் தன்னிடம் இருந்த 10 டன் போத்தல் ஜேக்கை வைத்து லோரியைத் தூக்கினார். நட்டுகளைக் கழற்றி, டயரை வெளியே எடுத்து, மாற்று டயரை உருட்டி வருவதற்குள் லோரி கீழே இறங்கியிருந்தது. மீண்டும் அடித்து ஏற்றினார். டயரைத் தூக்கி மாட்டப் போகும்போது மறுபடியும் இறங்கியது. விரல்கள் தப்பியது பெரிய விஷயம். கடைசியில் அவ்வழியே வந்த இன்னொரு லோரிக்காரரின் ஜேக்கை வாங்கித்தான் டயர் மாட்டினார்.

இரண்டு நாள் கழித்து அந்த ஜேக்கை எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்தார். "அண்ணே, மூணு தடவை காத்து எடுத்தாச்சு, எண்ணெயும் ஊத்தியாச்சு. அப்பவும் இறங்குது. தூக்கிப் போட்டுடலாமா?" என்று கேட்டார்.

பலரும் செய்கிற தவறு இதுதான். ஜேக் சரியில்லை என்றால் முதலில் காற்றை எடுக்கிறார்கள். ஆனால் ஏற்றிய சுமை நிற்காமல் தொடர்ந்து இறங்குவதற்குக் காற்று காரணம் அல்ல. எண்ணெய் எங்கோ ஓடுகிறது என்பதே அதன் பொருள். எங்கே ஓடுகிறது என்று தெரிந்துகொண்டால், எதைக் கழற்ற வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

உள்ளே நடப்பது என்ன?

போத்தல் ஜேக்கின் நடுவில் தடித்த உருளை ஒன்று இருக்கிறது. அதற்குள்தான் சுமையைத் தூக்கும் தண்டு மேலும் கீழும் போய்வருகிறது. உருளையைச் சுற்றியுள்ள வெற்றிடமே எண்ணெய்த் தொட்டி. பக்கத்தில் கைப்பிடி மாட்டும் சிறிய பம்பு இருக்கும்.

கைப்பிடியை மேலே தூக்கும்போது தொட்டியிலிருந்து கொஞ்சம் எண்ணெய் பம்புக்குள் வருகிறது. கீழே அழுத்தும்போது அதே எண்ணெய் தண்டின் அடியில் போய்ச் சேர்ந்து, தண்டை மேலே தள்ளுகிறது. எண்ணெய் வந்த வழியே திரும்பாமல் தடுப்பவை இரண்டு எஃகுக் குண்டுகள். ஒன்று உள்வரும் வழியில், மற்றொன்று வெளிச்செல்லும் வழியில். குண்டு தன் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்தால் வழி அடைபடும்.

மூன்றாவது குண்டு ஒன்றும் உண்டு. அது ஜேக்கை இறக்கத் திருகும் வால்வுக்குள் இருக்கிறது. வலப்பக்கம் திருகினால் குண்டு பள்ளத்தில் அழுந்தி வழியை மூடும். இடப்பக்கம் திருகினால் வழி திறந்து, தண்டின் அடியில் உள்ள எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும், தண்டு இறங்கும்.

ஆக, சுமையைத் தாங்கி நிற்பவை மூன்று: வெளிச்செல்லும் வழிக் குண்டு, இறக்கும் வால்வுக் குண்டு, தண்டைச் சுற்றியுள்ள சீல். இவற்றில் ஏதாவது ஒன்று கசிந்தாலும் ஜேக் இறங்கும்.

காற்றுக்கும் கசிவுக்கும் வேறுபாடு

எண்ணெயை அழுத்திச் சுருக்க முடியாது என்றே வைத்துக்கொள்ளலாம். காற்றைச் சுருக்கலாம். அதனால் காற்று புகுந்த ஜேக் ரப்பர் போல நடந்துகொள்ளும். கைப்பிடியை முதல் சில தடவை அடிக்கும்போது தண்டு அசையாது. அசைந்தாலும் விட்டு விட்டு ஏறும். சுமை ஏறியதும் கொஞ்சம் அமுங்கும், பிறகு அங்கேயே நிற்கும். சுமையை எடுத்தால் மெல்ல மேலெழும்பும்.

கசியும் ஜேக் அப்படியல்ல. நன்றாகவே ஏறும். ஏறியபின் கொஞ்சம் கொஞ்சமாக, நிற்காமல் இறங்கும். சுமையை எடுத்தாலும் திரும்ப எழும்பாது.

சுமையில்லாமலே இதைச் சோதிக்கலாம். வால்வை மூடி, தண்டைப் பாதி உயரத்திற்கு ஏற்றுங்கள். உள்ளங்கையால் தண்டின் தலையை உடல் எடை கொடுத்து அழுத்துங்கள். அமுங்கி, கையை எடுத்ததும் எழும்பினால் காற்று. அழுத்த அழுத்த இறங்கி, அங்கேயே நின்றுவிட்டால் கசிவு. இரண்டும் இல்லையென்றால் கசிவு சிறியதாக இருக்கலாம். அது சுமையின் கீழ்தான் தெரியும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. மழையில் ஊறிய சாலையோர மண்ணில் ஜேக்கே புதைந்து, ஜேக் இறங்குவது போலத் தோன்றும். எனவே வண்டியின் உயரத்தை அளக்காதீர்கள். உருளைக்கு வெளியே தெரியும் தண்டின் நீளத்தை அளவுகோலால் அளந்து பாருங்கள். அது குறைந்தால்தான் ஜேக்கில் குறை.

எங்கே கசிகிறது?

முதலில் ஜேக்கைத் துணியால் நன்றாகத் துடைத்து, காய்ந்த அட்டைமேல் வையுங்கள். சமதளமான சிமெண்டுத் தரையில், வண்டியின் மற்ற சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, டயர் தரையிலிருந்து ஒரு விரல் அளவு எழும்பும் வரை மட்டும் தூக்குங்கள். டயரைக் கழற்ற வேண்டாம். பக்கத்தில் ஜேக் ஸ்டாண்டு ஒன்றைச் சிறு இடைவெளி விட்டு வையுங்கள். யாரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது. தண்டின் நீளத்தைக் குறித்துக்கொண்டு 10 நிமிடம் காத்திருங்கள். தூக்கிய உடனே குண்டுகள் பள்ளத்தில் அமரும்போது ஒரு சிறு அசைவு இருக்கும், அது இயல்பு. அதன் பிறகும் இறங்கிக்கொண்டே இருந்தால், பின்வரும் அடையாளங்களைப் பாருங்கள்.

தண்டைச் சுற்றி எண்ணெய் வளையமாக ஊறினால், சீல் தேய்ந்திருக்கிறது. பம்பின் அடியில் ஊறினால், பம்புச் சீல். பம்புச் சீல் தேய்ந்தால் சுமை இறங்காமலும் போகலாம்; ஆனால் ஒவ்வொரு அடிக்கும் காற்றை உள்ளே இழுக்கும். எத்தனை முறை எடுத்தாலும் காற்று திரும்பத் திரும்ப வருவதற்கு இது ஒரு காரணம்.

வெளியே எண்ணெய் இல்லை, ஆனால் கைப்பிடி தானாகவே மேலே எழும்புகிறது என்றால், வெளிச்செல்லும் வழிக் குண்டு சரியாக உட்காரவில்லை. சுமையின் அழுத்தம் பின்வழியே பம்புக்கு வந்து கைப்பிடியைத் தள்ளுகிறது. அடிக்கும்போது ஏறி, கைப்பிடியைத் தூக்கும்போது இறங்குவதும் இதே கோளாறுதான்.

வெளியே எண்ணெயும் இல்லை, கைப்பிடியும் அசையவில்லை, ஆனாலும் இறங்குகிறது என்றால், எண்ணெய் உள்ளுக்குள்ளேயே தொட்டிக்குத் திரும்புகிறது. முதலில் சந்தேகிக்க வேண்டியது இறக்கும் வால்வு. அதைத் திறந்து மூடி, மீண்டும் ஏற்றிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் இறங்கும் வேகம் மாறினால் சந்தேகம் உறுதியாகிறது. வால்வு நன்றாக இருந்தும் இறங்கினால், தண்டின் அடிச்சீலைப் பார்க்க வேண்டும். சில ஜேக்குகளில் அது தேய்ந்தாலும் எண்ணெய் வெளியே தெரியாது.

லோரிக்காரரின் ஜேக்கில் அட்டை காய்ந்தே இருந்தது. கைப்பிடி அசையவில்லை. வால்வைத் திறந்து மூடியபோது ஒருமுறை வேகமாகவும் ஒருமுறை மெதுவாகவும் இறங்கியது. காற்று எடுத்தும் பலனில்லாமல் போனதற்குக் காரணம் அங்கேயே தெரிந்துவிட்டது.

வால்வைக் கழற்றிப் பார்த்தல்

கழற்றுமுன் ஓர் எளிய வழியை முயன்று பார்க்கலாம். குண்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவில் மணல்துகள் சிக்கியிருந்தால், எண்ணெய் ஓட்டமே அதை அடித்துச் சென்றுவிடும். சுமையில்லாமல், வால்வை இரண்டு சுற்றுத் திறந்து வைத்து, கைப்பிடியை வேகமாக 15 அல்லது 20 தடவை அடியுங்கள். மூடிச் சோதியுங்கள். சில ஜேக்குகள் இதிலேயே சரியாகிவிடும்.

சரியாகவில்லை என்றால் எண்ணெயை வடித்துவிட்டு வால்வு திருகை முழுவதும் கழற்ற வேண்டும். ஜேக்கின் அடியில் பாத்திரம் வையுங்கள். குண்டு மிகச் சிறியது, உருண்டு ஓடிவிடும். காந்தத்தால் எடுப்பது எளிது. சில ஜேக்குகளில் சுருள்வில்லும் கூடுதல் குண்டும் இருக்கும். கழற்றக் கழற்றக் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டு, பாகங்களை வெளிவந்த வரிசையிலேயே துணிமேல் அடுக்குங்கள்.

லோரிக்காரரின் ஜேக்கிலிருந்து வந்த எண்ணெய், பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தது. தண்ணீர் கலந்திருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். லோரியின் திறந்த பெட்டியில் மழைபடக் கிடந்த ஜேக். எண்ணெய் ஊற்றும் துளையின் ரப்பர் அடைப்பான் வெடித்திருந்தது. குண்டை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால், பளபளப்பாக இருக்க வேண்டிய இடத்தில் ஊசிமுனை அளவு துருப் புள்ளிகள். அந்தப் புள்ளி பள்ளத்தின் விளிம்பில் வந்தால் அதன் வழியே எண்ணெய் ஓடும். வேறிடத்தில் வந்தால் அடைபடும். இறங்கும் வேகம் மாறி மாறி இருந்தது அதனால்தான்.

இதற்குத் தீர்வு புதிய குண்டு. துருப்பிடித்த குண்டைத் தேய்த்துப் போடுவதில் பயனில்லை. அதன் வட்டம் கெட்டுவிடும். பழைய குண்டை அளந்து, அதே அளவுள்ள எஃகுக் குண்டைப் பேரிங் விற்கும் கடையில் வாங்கலாம். பள்ளத்தைச் சுத்தமான துணியால் துடைத்து, குண்டு ஒன்றை அதில் வைத்து, பித்தளைக் கம்பியை அதன்மேல் நிறுத்தி, சுத்தியலால் ஒரே ஒருமுறை லேசாகத் தட்டுங்கள். பள்ளத்தின் விளிம்பு குண்டின் வட்டத்துக்கு ஏற்ப அமையும். ஓங்கி அடித்தால் பள்ளம் கெட்டுவிடும். தட்டிய குண்டை எறிந்துவிட்டு, இன்னொரு புதிய குண்டைப் போட்டு மூடுங்கள். திருகின் கழுத்தில் உள்ள ஓ-ரிங்கையும் அப்போதே மாற்றிவிடுவது நல்லது.

வால்வை மூடும்போது கைப்பிடியின் நுனியால் திருகும் பலம் போதும். குறடு வைத்து இறுக்குகிறவர்கள், கசிவை நிறுத்துவதாக நினைத்துப் பள்ளத்தைத்தான் பாழாக்குகிறார்கள்.

சீல் மாற்றுவதென்றால்

தண்டைச் சுற்றி எண்ணெய் ஊறும் ஜேக்கில், சீலை வாங்குவதற்கு முன் தண்டைப் பாருங்கள். முழு உயரத்திற்கு ஏற்றி, துடைத்துவிட்டு, நகத்தால் மேலிருந்து கீழாக வருடுங்கள். நகம் எங்கும் தடுக்காமல் வழுக்கினால் புதுச் சீல் நிற்கும். துருக்குழியிலோ கீறலிலோ நகம் மாட்டினால், எந்தச் சீலைப் போட்டாலும் அந்தக் குழி சில நாளில் அதைக் கிழித்துவிடும்.

சீல்களை ஒவ்வொன்றாகத் தேடுவதைவிட, அந்த மாடலுக்கென்று விற்கும் சீல் செட்டாக வாங்குவதே சரி. கண்ணளவில் ஒன்றுபோல் இருக்கும் ஓ-ரிங்கின் தடிமன் கொஞ்சம் குறைந்தாலும் அழுத்தத்தில் கசியும். ஜேக்கின் மேல் நட்டைக் கழற்ற, அடிப்பகுதியைப் பெரிய வைஸில் பிடித்து நீண்ட ஸ்பேனர் போட வேண்டும். அந்த வசதி இல்லாதவர்கள் பட்டறைக்குக் கொண்டுபோவதே மேல்.

பொருத்தும்போது கிண்ணம் போன்ற சீலின் வாய், அழுத்தம் வரும் பக்கத்தைப் பார்க்க வேண்டும். தண்டின் அடிச்சீல் என்றால் வாய் கீழ்நோக்கி இருக்கும். எண்ணெயின் அழுத்தமே அந்த வாயை விரித்துச் சுவரோடு ஒட்டவைக்கிறது. தலைகீழாகப் போட்டால் புதுச் சீலும் முதல் சுமையிலேயே விட்டுவிடும். பொருத்துமுன் சீலிலும் தண்டிலும் ஜேக் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்.

எந்த எண்ணெய், எவ்வளவு?

ஹார்டுவேர் கடையில் ஹைட்ராலிக் ஜேக் எண்ணெய் என்று கேட்டு வாங்குங்கள். பெரும்பாலான போத்தல் ஜேக்குகளுக்கு ஐ.எஸ்.ஓ. வி.ஜி. 22 அல்லது 32 என்று குறிப்பிட்ட எண்ணெய் பொருந்தும். ஜேக்கின் கையேட்டில் வேறு சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

பிரேக் எண்ணெயை ஊற்றவே கூடாது. சாதாரண ஜேக்கின் ரப்பர் சீல்கள் அதில் ஊறி உப்பிக் கெட்டுவிடும். அவசரத்துக்கு ஒருமுறை ஊற்றியிருந்தால், வடித்துக் கழுவியபின் சீல்களையும் மாற்ற வேண்டிவரும். இயந்திர எண்ணெய் தடிப்பானது. பழைய கறுப்பு எண்ணெயில் உள்ள உலோகத் தூளோ குண்டின் பள்ளத்தைக் கெடுக்கும்.

பழைய எண்ணெயை வடிக்க, தண்டை முழுவதும் இறக்கி, ரப்பர் அடைப்பானை எடுத்து, ஜேக்கைப் பாத்திரத்தின்மேல் சாய்த்துப் பிடியுங்கள். வால்வைத் திறந்துவைத்துக் கைப்பிடியை அடித்தால் பம்பில் உள்ளதும் வந்துவிடும். தண்ணீர் கலந்திருந்தால், கொஞ்சம் புது எண்ணெய் ஊற்றி, அடித்துச் சுழலவிட்டு, மீண்டும் வடியுங்கள். நிறம் தெளியும் வரை இதைச் செய்ய வேண்டும். வடித்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாமல், கறுப்பு எண்ணெய் சேகரிக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

நிரப்பும்போது ஜேக் நேராக நிற்க வேண்டும். தண்டு முழுவதும் இறங்கியிருக்க வேண்டும். தண்டு மேலே இருக்கும்போது துளைவரை நிரப்பிவிட்டால், தண்டு இறங்கும்போது அடியிலிருந்து திரும்பும் எண்ணெய்க்குத் தொட்டியில் இடமிருக்காது. அடைப்பான் தெறித்து எண்ணெய் பீய்ச்சும். முழுவதும் இறக்கி வைத்து, ஊசியில்லாத மருந்துச் சிரிஞ்சால் மெல்ல விடுங்கள். துளையின் கீழ்விளிம்பைத் தொட்டதும் நிறுத்துங்கள். குறைவாக இருந்தால் தண்டு முழு உயரம் எழும்பாது.

காற்றை எடுத்தல்

எண்ணெய் மாற்றிய பிறகு காற்றை எடுத்தே ஆகவேண்டும். காற்று எடுப்பதற்கு உரிய நேரம் இதுதான். கசிவை நிறுத்துவதற்கு முன்பு அல்ல.

ஜேக்கை நேராக, சுமையில்லாமல் வையுங்கள். தண்டு கீழே இருக்கட்டும். அடைப்பானை எடுத்துவிட்டு, வால்வை இரண்டு சுற்றுத் திறந்துவையுங்கள். கைப்பிடியை மேலிருந்து கீழ்வரை முழு வீச்சாக 15 தடவை அடியுங்கள். எண்ணெய் தொட்டியிலிருந்து பம்புக்கும், பம்பிலிருந்து தொட்டிக்குமாகச் சுற்றிவரும். பம்பில் சிக்கிய காற்று குமிழாகத் துளை வழியே வெளியேறும்.

அடுத்து வால்வை மூடி, அடைப்பானைத் துளையில் லேசாக வைத்து, தண்டை முழு உயரத்திற்கு ஏற்றுங்கள். வால்வைத் திறந்து, தண்டைக் கையால் அழுத்தி இறக்குங்கள். தண்டின் அடியில் இருந்த காற்று எண்ணெயோடு தொட்டிக்குப் போய்விடும். இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்து, சில நிமிடம் குமிழ் அடங்க விட்டு, எண்ணெய் அளவைப் பார்த்துச் சரிசெய்து, அடைப்பானை அழுத்தி மூடுங்கள்.

லோரிக்காரரின் ஜேக் முதல் சுற்றில் இன்னும் ரப்பர் போலவே இருந்தது. இரண்டாம் சுற்றில் முதல் அடியிலேயே தண்டு அசைந்தது. லோரியின் பின்பக்கத்தைத் தூக்கித் தண்டின் நீளத்தைக் குறித்தோம். 10 நிமிடம் கழித்து அளவுகோலில் எந்த மாற்றமும் தெரியவில்லை. வெடித்த அடைப்பானுக்குப் பதில் புதிது போட்டு, ஜேக்கை மூடியுள்ள பெட்டியில் நேராக நிறுத்தி வைக்கச் சொல்லி அனுப்பினோம்.

எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்?

அடிப்பகுதியில் விரிசல், பற்றவைப்பு ஓரத்தில் எண்ணெய்க் கசிவு, வளைந்த தண்டு, தண்டில் ஆழமான துருக்குழி ஆகியவற்றில் எது இருந்தாலும் அந்த ஜேக்கை விட்டுவிடுங்கள். சில ஜேக்குகளில் முத்திரையிட்ட சிறிய திருகு ஒன்று இருக்கும். அது அளவுக்கு மீறிய சுமை ஏறினால் திறந்துகொள்ளும் பாதுகாப்பு வால்வு. ஜேக் பலமாகத் தூக்கவில்லை என்று அதை இறுக்கக் கூடாது. சிறிய 2 டன் ஜேக் என்றால், சீல் செட்டும் கூலியும் சேர்த்து என்ன வருகிறது என்று கேட்டுவிட்டு, புதிதின் விலையோடு ஒப்பிட்டு முடிவெடுங்கள்.

சரிசெய்த ஜேக் ஆனாலும் புதிய ஜேக் ஆனாலும், அதன் வேலை தூக்குவது மட்டுமே. தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்க வேண்டியது ஜேக் ஸ்டாண்டு. ஊசிமுனை அளவு துருப் புள்ளியே ஒரு லோரியை இறக்கிவிட்டது. அது எந்த நிமிடம் பள்ளத்தின் விளிம்புக்கு வரும் என்று வெளியிலிருந்து யாராலும் பார்க்க முடியாது. டயரைக் கழற்றும் முன் ஸ்டாண்டை வைத்து, வண்டியின் எடையை அதன்மேல் இறக்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். சாலையோரத்தில் ஸ்டாண்டு இல்லையென்றால், கழற்றிய டயரையாவது உடனே வண்டியின் சட்டத்துக்கு அடியில் படுக்கப் போடுங்கள். அது ஸ்டாண்டுக்கு ஈடாகாது. ஆனால் ஜேக் விட்டால் வண்டி தரைவரை போகாமல் தடுக்கும்.